பகலில் ஆபீஸ், இரவில் டெலிவரி: சென்னையில் வண்டியும் போனும் கொண்டு இரண்டாவது வருமானம்

சென்னையில் பகல் வேலையை விடாமல், மாலையில் மூன்று மணி நேரம் உணவு டெலிவரி செய்து கூடுதலாகச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியும் ஸ்மார்ட்போனும் இருந்தால் சேர்வது சுலபம். அதற்குப் பிறகுதான் கவனம் தேவை. ஆப் திரையில் காட்டும் தொகை வேறு, மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை வேறு. புதிதாக வருபவர்களில் பலர் இந்த வித்தியாசம் தெரியாமலே ஆறு மாதம் ஓட்டிவிட்டு, வண்டி வொர்க்‌ஷாப்பில் படுக்கும்போதுதான் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே போட்டுவிடலாம்.

எந்த வேலையில் சேர்வது

வண்டியை வைத்து மூன்று வகை வேலை கிடைக்கிறது: பைக் டாக்சி, ஹோட்டல் உணவு டெலிவரி, பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ போன்றவற்றின் மளிகை டெலிவரி.

பைக் டாக்சியைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. வெள்ளை நம்பர் பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்காகப் பதிவானது. 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், மாநில அரசு அனுமதித்தால் மட்டுமே அத்தகைய வண்டியில் பயணி ஏற்றலாம் என்கின்றன. உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம். பின்னால் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கும்போது காப்பீடு செல்லாது என்று தெரியவந்தால் அந்தச் சுமையை உங்களால் தாங்க முடியாது.

மளிகை டெலிவரியில் ஒரு வசதி உண்டு. பொருள் எடுக்கும் இடம் எப்போதும் அந்த ஒரே ஸ்டோர்தான். பெரும்பாலும் தூரமும் குறைவு. ஹோட்டல் வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம். அதற்கு ஈடாக ஓர் ஆர்டருக்குக் கிடைக்கும் தொகை பெரும்பாலும் குறைவாக இருக்கும். அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் தூக்கி மாடி ஏற வேண்டிவரும். ஸ்விக்கி, சொமேட்டோ உணவு டெலிவரியில் இரவுச் சாப்பாட்டு நேரம்தான் பரபரப்பு. ஆபீஸ் விட்டு வருபவருக்கு அந்த நேரம் சரியாகப் பொருந்துவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சேர்வதற்கு முன் உங்கள் பகல் வேலையின் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை பல தனியார் நிறுவனங்களில் உண்டு. அரசு ஊழியர் என்றால் அனுமதியில்லாமல் இதில் சேரவே கூடாது.

காகிதங்கள்

ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி., வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி. இவ்வளவுதான் கேட்பார்கள். லைசென்சில் ஒன்றை மட்டும் பாருங்கள். அதில் MCWOG என்று இருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டலாம். கியர் பைக் ஓட்ட MCWG வேண்டும். ஆப் இதைக் கவனிக்காமல் விட்டாலும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கவனிக்கும்.

டெலிவரி பார்ட்னருக்கென்று தனி ஆப் இருக்கிறது. அதை பிளே ஸ்டோரிலிருந்து நீங்களே இறக்கி, நீங்களே பதிவு செய்யுங்கள். பை, டி-ஷர்ட்டுக்கு ஒரு தொகை கேட்பதுண்டு. ஆப் வழியாகவோ வார வருமானத்தில் பிடித்தமாகவோ அது போகும். யாரோ ஒருவர் போனில் அழைத்து, "ஐடி போட்டுத் தர்றேன், ஜிபே பண்ணுங்க" என்றால் அது ஏமாற்று. அடுத்தவர் ஐடியை வாடகைக்கு வாங்கி ஓட்டவும் கூடாது. விபத்தில் சிக்கினால் நிறுவனத்தின் கணக்கில் அந்த ஆர்டரை எடுத்துப்போனவர் நீங்கள் இல்லை. ஒரு பைசா இழப்பீடும் வராது.

இனி, கிட்டத்தட்ட யாரும் திறந்துகூடப் பார்க்காத ஒரு காகிதம்: உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசி. அதில் Limitations as to use என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு அல்லது கூலிக்கு ஓட்டுவது, சொந்த மூட்டைமுடிச்சைத் தவிர வேறு சரக்கு ஏற்றுவது ஆகியவற்றுக்கு இந்த பாலிசி செல்லாது என்று தனிப்பட்ட வண்டிக்கான பாலிசிகளில் சாதாரணமாக எழுதியிருப்பார்கள். டெலிவரி பையோடு போகும்போது வண்டி நொறுங்கினால் கிளெய்மை மறுக்க இதுவே அவர்களுக்குப் போதும். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பகுதி நேர உணவு டெலிவரிக்கு இந்த பாலிசி செல்லுமா, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் ஏஜென்ட் "அதெல்லாம் வரும் சார்" என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

வண்டி போனால் வேறு வாங்கலாம். உடம்புக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். ஆர்டரில் இருக்கும்போது அடிபட்டால் டெலிவரி நிறுவனங்கள் தரும் விபத்துக் காப்பீட்டுக்கு எத்தனை நிபந்தனைகள் என்று ஆப்பிலேயே படித்து, கிளெய்ம் எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்திலும் சேர்ந்துவிடுங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு

110 சிசி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னை டிராஃபிக்கில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 24 காசு பெட்ரோல். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றி சர்வீஸ் செய்ய 1,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 33 காசு. இரண்டு டயரும் 4,000 ரூபாய், 20,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் 20 காசு. பெல்ட், ரோலர், பிரேக் ஷூ, பேட்டரி, கேபிள் எல்லாம் சேர்த்து இன்னொரு 35 காசு. ஆக ஏறக்குறைய 90 காசு வந்துவிட்டது. இதற்கு மேல் வண்டியின் மதிப்பும் தேய்கிறது. 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 60,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு 30,000-க்குப் போனால், ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு ரூபாயைத் தின்றிருக்கிறது.

மொத்தம் 4 ரூபாய் 14 காசு. மனக்கணக்குக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு இது மாறும்; நல்ல நிலையில் உள்ள 100 சிசி பைக் என்றால் பெட்ரோல் செலவு குறையும். உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு வாரம் டெலிவரி ஓட்டிவிட்டு மறுபடி நிறையப் போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை, முதல் முறை டேங்க் நிறைத்த பிறகு போட்ட மொத்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். கம்பெனி விளம்பரத்தில் சொன்னதைவிட அது நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் டெலிவரி ஓட்டம் முழுக்க நின்று நின்று புறப்படும் ஓட்டம்.

வேளச்சேரியில் ஒரு மாலை

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு வேளச்சேரி, வேலை கிண்டி. ஏழு மணிக்கு ஆப்பை ஆன் செய்து பத்தரைக்கு முடிக்கிறார். ஏழு ஆர்டர், ஒன்றுக்குச் சராசரி 45 ரூபாய், 40 ரூபாய் இன்சென்டிவ். திரையில் 355 ரூபாய். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். நிறுவனம், ஏரியா, வாரம் எல்லாவற்றையும் பொறுத்து பேஅவுட் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது மீட்டரைப் பாருங்கள். ஹோட்டலுக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர், அங்கிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு மூன்றரை, மறுபடி ஹோட்டல்கள் உள்ள பக்கம் வர இரண்டு. ஓர் ஆர்டருக்கு 7 கிலோமீட்டர். ஏழு ஆர்டருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெட்ரோல் 112, தேய்மானம் 95, மொத்தம் 207 ரூபாய் போக மிஞ்சுவது 148. மூன்றரை மணி நேரத்துக்கு மணிக்கு 42 ரூபாய்.

அதே ஆள், அதே ஏழு ஆர்டர், அதே 355 ரூபாய். ஆனால் ஹோட்டலும் குடியிருப்பும் நெருக்கமாக உள்ள பகுதியில் நின்றதால் ஓர் ஆர்டருக்கு நாலரைக் கிலோமீட்டர்தான் ஆனது என்று வைப்போம். மொத்தம் 32 கிலோமீட்டர், செலவு 133. மிச்சம் 222. மணிக்கு 63 ரூபாய். ஆப் இரண்டு நாளையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

ஞாயிறு இரவு நான்கு மணி நேரம், பத்து ஆர்டர், 100 ரூபாய் இன்சென்டிவ் என்றால் 550 வரும். 45 கிலோமீட்டருக்கு 186 போக 364. மணிக்கு 91. அதனால்தான், பகல் வேலை உள்ளவர் வாரத்தில் ஆறு நாளும் சோர்ந்து ஓட்டுவதைவிட வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். இன்சென்டிவுக்கு வாரம் முழுக்க இத்தனை ஆர்டர் முடிக்க வேண்டும் என்று இலக்கு இருந்தால், அது முழு நேரம் ஓட்டுபவருக்காகப் போட்ட இலக்கு. அதைத் துரத்தாதீர்கள்.

காலி ஓட்டத்தைக் குறைப்பது

மேலே சொன்ன வித்தியாசம் முழுக்கக் காலி ஓட்டத்திலிருந்து வருகிறது, அதாவது பையில் ஒன்றும் இல்லாமல் ஓடும் கிலோமீட்டர். விஜயநகரிலிருந்து மேடவாக்கத்துக்கு ஓர் ஆர்டர், 60 ரூபாய். பார்க்க நன்றாக இருக்கிறது. போக ஏழு, ஹோட்டல்கள் உள்ள பக்கத்துக்குத் திரும்பிவர ஏழு என்று 14 கிலோமீட்டர் ஆனால், 56 ரூபாய் வண்டிக்கே போய்விடுகிறது. முக்கால் மணி நேரம் 4 ரூபாய்க்கு ஓட்டியிருக்கிறீர்கள். பக்கத்துத் தெருவுக்கு 30 ரூபாய் ஆர்டர், போக வர நான்கு கிலோமீட்டர். 14 ரூபாய் நிற்கிறது, இருபது நிமிடத்தில் அடுத்ததுக்குத் தயார்.

இதற்காக நீள ஆர்டரையெல்லாம் மறுத்துக்கொண்டே இருந்தால் இன்சென்டிவும் ரேட்டிங்கும் அடிபடும், வேலை நேர ஸ்லாட் கிடைப்பதும் கடினமாகும். மறுப்பதைவிட எங்கே நிற்கிறோம் என்பதில்தான் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. ஏரியாவைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரிய ஹோட்டல்கள் வரிசையாக உள்ள சாலையும் அதைச் சுற்றிக் குடியிருப்புத் தெருக்களும் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா நகரும் தி.நகரும் அப்படிப்பட்டவை. ஒரு பக்கம் ஏரி, ரயில் பாதை, நீளமான மீடியன் என்று இருந்தால் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் தெரிவது சாலையில் மூன்றாகும். வேளச்சேரிப் பக்கம் இதை உடனே உணர்வீர்கள். யூ-டர்னைத் தவிர்க்க எதிர்த்திசையில் ஏறுபவர்களைத் தினமும் பார்ப்பீர்கள். அபராதம் ஒரு நாள் சம்பாத்தியத்தைத் தின்னும், எதிரே வரும் பஸ் அதைவிட அதிகமாகத் தின்னும்.

டெலிவரி முடிந்ததும் உடனே பழைய இடத்துக்கு ஓடிவராதீர்கள். பத்து நிமிடம் அங்கேயே, பாதுகாப்பான இடத்தில் வண்டியை அணைத்து நில்லுங்கள். பக்கத்திலேயே ஆர்டர் விழுந்தால் காலி ஓட்டம் மிச்சம். கடைசி ஆர்டர் வீட்டுப் பக்கமாக விழுந்தால் அதோடு ஆப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இன்னும் ஒன்று எடுக்கலாம் என்ற ஆசையில் எதிர்ப்பக்கம் போனால் அன்று மிச்சப்படுத்தியது போய்விடும்.

நேரம் கரையும் இன்னொரு இடம் ஹோட்டல் வாசல். ஞாயிறு இரவில் பிரியாணிக் கடை, பரோட்டா மாஸ்டர் ஒருவரே உள்ள சின்ன ஹோட்டல், இவற்றில் இருபத்தைந்து நிமிடம் நிற்க வேண்டிவரும். ஹோட்டலை அடைந்தவுடன் ஆப்பில் Reached அழுத்திவிடுங்கள். காத்திருப்புத் தொகை உண்டென்றால் அதிலிருந்துதான் நேரம் கணக்காகும். தாமதப் புகார் வந்தாலும் ஹோட்டலின் தாமதம் என்று காட்ட அதுவே சாட்சி. சும்மா முன்கூட்டியே அழுத்தக்கூடாது, ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்துவிடும். தாமதமாகும் ஹோட்டல்களின் பெயரை நோட்டில் குறித்து வைத்தால், எந்த மூலையில் நிற்கக்கூடாது என்பது இரண்டு வாரத்தில் புரிந்துவிடும்.

பெரிய அபார்ட்மென்ட் என்றால் கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள், எந்த பிளாக் என்று தேடி நடக்க வேண்டும், சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஹோட்டலிலிருந்து புறப்படும் முன்பே வாடிக்கையாளரை அழைத்து, "லொகேஷன் சரியா காட்டுதாங்க? எந்த பிளாக், எந்த கேட்?" என்று கேட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

போன்

ஜி.பி.எஸ்., டேட்டா, முழு வெளிச்சத்தில் திரை என்று மூன்றும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சும். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனோடு ஒரு பவர் பேங்கும் வேண்டும். விலை கூடிய போனை நேராக ஹேண்டில்பார் ஹோல்டரில் மாட்டாதீர்கள். இன்ஜின் அதிர்வு, கேமராவில் ஆட்டத்தைச் சரிக்கட்டும் பாகத்தைக் கெடுத்துவிடும்; ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பழைய சாதாரண போன் ஒன்றை டெலிவரிக்கென்று ஒதுக்குவது நல்லது. ஒரு காதில் மட்டும் ஹெட்செட் மாட்டி வழி கேட்பதும், ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டுவதும் வேண்டாம். ஓரமாக நிறுத்திப் பாருங்கள். அரை நிமிடத்தில் எந்த ஆர்டரும் ஓடிப்போகாது.

மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை நேரத்தில் கூடுதல் தொகை காட்டும். அந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். தண்ணீர் சைலன்சர் வாயைத் தாண்டி நின்றால் அந்தத் தெருவுக்குள் போகாதீர்கள். சுரங்கப்பாதையில் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் கணிக்க முடியாது. நடுவில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முயற்சியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் அளவுக்குப் போய்விடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிறகு ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் 50 கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை யூனிட் எடுக்கும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 15 ரூபாய்தான். அதே தூரத்துக்கு பெட்ரோல் 112. ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இது பெரிய லாபம். டெலிவரிக்கென்றே கடன் வாங்கிப் புதிதாக வாங்குவது வேறு விஷயம். மாலை மட்டும் ஓட்டும் ஒருவரின் மிச்சம், மாதத் தவணையைத் தாண்டுமா என்று மேலே உள்ள முறையில் முதலில் போட்டுப் பாருங்கள். வார வாடகை வண்டியும் அப்படித்தான். நாள் முழுக்க ஓட்டுபவருக்குக் கட்டும், மூன்று இரவு ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் கட்டாது.

வாரியமும் வரியும்

டெலிவரி ஓட்டுபவர்கள் போன்ற இணையவழித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்தவர்களில் 2,000 பேருக்குப் புதிய இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மத்திய அரசின் eshram.gov.in தளத்திலும் பிளாட்ஃபார்ம் தொழிலாளராகப் பதியலாம். அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி 2025-ல் டெலிவரி ஊழியர்களுக்கு ஏ.சி. ஓய்வறை திறந்திருக்கிறது. போன் சார்ஜ் போடவும், கழிப்பறைக்கும் அலைபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

வருமான வரியில் இந்தப் பணம் சம்பளமாகச் சேராது, தொழில் வருமானமாகத்தான் சேரும். ஆகவே சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ITR-1 படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது. சின்னத் தொழிலுக்கான ITR-4 பெரும்பாலும் போதும். டெலிவரி நிறுவனம் டி.டி.எஸ். பிடித்திருந்தால் உங்கள் 26AS அறிக்கையில் அது தெரியும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறவோ கழித்துக்கொள்ளவோ முடியும். ஆபீசில் கொடுக்கும் Form 16-இல் இந்த வருமானம் இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு இரவும் நான்கு எண்: ஆப் ஆன் செய்த நேரம், அணைத்த நேரம், ஓடிய மொத்தக் கிலோமீட்டர், வந்த தொகை. கிலோமீட்டரை உங்கள் செலவு எண்ணால் பெருக்கித் தொகையில் கழித்து, மணி நேரத்தால் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதியபின் மணிக்கு 50 ரூபாயைத் தாண்டாத இரவுகள் எவை என்று பாருங்கள். அவை பெரும்பாலும் அதே கிழமையாகவோ அதே ஏரியாவாகவோ இருக்கும். அடுத்த மாதம் அந்தக் கிழமைகளில் ஆப்பை ஆன் செய்ய வேண்டாம். மீதி இரவுகளிலும் தாண்டவில்லை என்றால் ஏரியாவை மாற்றி இன்னொரு மாதம் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.